ரீலா, பரிந்துரையா: இரண்டு நாற்காலி அழகு நிலையத்தின் கணக்கு

கேள்வி: சின்ன ஊரில் இரண்டு நாற்காலி போட்டு அழகு நிலையம் நடத்துகிறேன். தொடர்ந்து வருகிறவர்கள் 80 பேர் இருப்பார்கள். எங்கள் ஊரிலேயே இன்ஸ்டாகிராமில் 12,000 ஃபாலோயர் உள்ள ஒருவர் பணம் கொடுத்தால் ரீல் போட்டுத் தருகிறேன் என்கிறார். அந்தப் பணத்தை அவருக்குக் கொடுப்பதா, இல்லை “தோழியை அனுப்பினால் இருவருக்கும் தள்ளுபடி” என்று பழைய வாடிக்கையாளர்களுக்கே கொடுப்பதா? எதில் புது ஆட்கள் அதிகம் வருவார்கள்?

பதில்:

80 பேர் கையில் இருக்கும்போது முதல் பணம் பரிந்துரைக்குத்தான் போக வேண்டும். ரீலையும் வாங்கலாம், ஆனால் அதற்குப் பிறகு, அதுவும் கொஞ்சம் வேறு வேலைக்காக. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். அதற்கு முன் எதை எண்ணப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிடவே முடியாது. முதல் தடவை வருகிறவர் பெரும்பாலும் தள்ளுபடியில் வருகிறார். அந்த வருகையில் உங்களுக்கு மிஞ்சுவது சொற்பம். உங்கள் தொழில் ஓடுவது அவர் இரண்டாவது, மூன்றாவது தடவை முழுக் கட்டணம் கொடுத்து வரும்போதுதான். அதனால் எந்த வழியில் வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள், அப்படித் தங்கிய ஒருவருக்காக எவ்வளவு செலவானது என்ற இரண்டை மட்டும் பார்ப்போம்.

எந்த நாணயத்துக்கும் பொருந்துகிற மாதிரி, உங்கள் கடையில் ஒரு சராசரி வருகையின் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். கிரீம், கலர் மாதிரியான பொருள் செலவும் வேலை செய்பவரின் பங்கும் போக 60 மிஞ்சுகிறது என்று கொள்வோம். வாடகையை இதில் சேர்க்கவில்லை, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது போகத்தான் போகிறது. கீழே வரும் விகிதங்கள் எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டால் விடை கொஞ்சம் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான்.

முதலில் ரீல். 12,000 என்பது பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் ஒரு ரீலை அத்தனை ஃபாலோயரும் பார்ப்பதில்லை. 3,000 கணக்குகளைச் சென்றடைகிறது என்று வைப்போம். அதில் உங்கள் ஊரில் இருப்பவர்கள் எத்தனை பேர்? ஊர்க்காரர் போடுகிற ரீல் என்பதால் பார்ப்பவர்களும் ஊர்க்காரர்களே என்று நினைத்துவிடுகிறோம். அவர் நகைச்சுவை வீடியோவோ பயண வீடியோவோ போடுகிறவராக இருந்தால், பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் வேறு ஊர்களில் இருக்கலாம். 35 சதவீதம் உள்ளூர் என்றால் சுமார் 1,050 பேர். அதில் உங்கள் சேவை தேவைப்படும் வயதினர், உங்கள் கடை வரை வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் என்று பார்த்தால் 500 பேர் நிற்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் முன்பதிவு செய்கிறார்கள் என்றால் 10 பேர். சொன்ன நேரத்துக்கு வருகிறவர்கள் 8 பேர்.

இப்போது செலவு. ரீலுக்கு அவர் கேட்பது 600 என்று வைப்போம், அதாவது ஆறு வருகைகளின் கட்டணம். அவருக்கு இலவசமாகச் செய்துகொடுக்கும் சேவையின் அடக்கம் 40. ரீலைப் பார்த்து வருபவர்களுக்கு முதல் வருகையில் 20 தள்ளுபடி என்று அறிவித்திருந்தால், 8 பேருக்கு 160. மொத்தம் 800. அந்த 8 பேர் முதல் வருகையில் உங்களுக்கு மிச்சமாக்கியது 480. ஆக, கையிலிருந்து போனது 320. எட்டுப் பேரில் இரண்டு பேர் மறுபடி வந்தார்கள் என்றால், தங்கிய ஒரு வாடிக்கையாளருக்கு 160 செலவழித்திருக்கிறீர்கள். அந்தப் பணம் திரும்பி வர அவர் இன்னும் மூன்று தடவை வர வேண்டும்.

அடுத்து பரிந்துரை. 80 பேரிடமும் சொல்கிறீர்கள். எல்லோரும் “கண்டிப்பாகச் சொல்றேன்” என்பார்கள். உண்மையில் மூன்று மாதத்தில் 10 பேர் ஆள் அனுப்புகிறார்கள், அவர்கள் வழியாக 12 பேர் வருகிறார்கள் என்று வைப்போம். அனுப்பியவருக்கு அடுத்த வருகையில் 25 குறைவு, வந்தவருக்கு முதல் வருகையில் 20 குறைவு. ஆளுக்கு 45 என்றால் 540, அட்டை அச்சடிக்க 60, மொத்தம் 600. பன்னிரண்டு பேரின் முதல் வருகையில் மிஞ்சியது 720. மூன்று மாத முடிவில் 120 லாபத்தில் நிற்கிறீர்கள், 12 பேரில் 7 பேர் மறுபடியும் வந்திருக்கிறார்கள்.

பார்க்க அழகான கணக்கு, ஆனால் பரிந்துரைத் திட்டம் விற்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். நாம் நிறுத்தக் கூடாது. நீங்கள் எந்தச் சலுகையும் கொடுக்காத காலத்திலும் யாரோ ஒருவர் தங்கையிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பன்னிரண்டில் நான்கு பேர் எப்படியும் வந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், திட்டத்தால் கூடுதலாக வந்தவர்கள் 8 பேர்தான். அவர்களிடம் மிஞ்சியது 480, செலவோ அதே 600. ஆக 120 கையை விட்டுப் போயிருக்கிறது. கூடுதலாகத் தங்கியவர்கள் நான்கைந்து பேர். ஒருவருக்கு 30 அல்லது அதற்கும் கீழே. இவ்வளவு கறாராகப் போட்ட பிறகும், ரீலில் 160 ஆகும் இடத்தில் இங்கே 30 ஆகிறது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை விட முக்கியமான ஒன்று இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. ரீலுக்கான 600 முன்கூட்டியே போய்விடுகிறது. அதன் பிறகு எட்டுப் பேருக்குப் பதில் இரண்டே பேர் வந்தால் 560 நஷ்டம். பதினாறு பேர் வந்தால் முதல் வருகைகளிலேயே போட்ட பணம் சரியாக வந்துவிடும், தங்குபவர்கள் எல்லாம் லாபக் கணக்கில் சேருவார்கள். இரண்டா பதினாறா என்பது ரீல் வெளியாகும் வரை யாருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும்தான். பரிந்துரையில் ஆள் வந்தால்தான் பணம் போகிறது. ஒருவருமே வராவிட்டால் அட்டை அடித்த காசோடு போகும். சிறிய முதலீட்டில் ஓடும் கடைக்கு இந்த வேறுபாடு பெரியது. ஒரு மாதம் சறுக்கினால் தாங்கக்கூடிய கடையா உங்களுடையது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பரிந்துரையில் வந்தவர்கள் ஏன் அதிகம் தங்குகிறார்கள்? அனுப்புகிறவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். உங்கள் வேலை எப்படி, உங்கள் கட்டணம் என்ன, நீங்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வீர்கள் என்பது தெரியும். தோழியின் கூந்தல் எப்படி, அவர் எவ்வளவு செலவழிப்பார், அவசரக்காரரா பொறுமைசாலியா என்பதும் தெரியும். பொருந்தாத ஆளை அவர் அனுப்ப மாட்டார், அனுப்பினால் அவர் பெயர்தான் கெடும். ரீலைப் பார்த்து வருபவரை இப்படி யாரும் சலித்து அனுப்புவதில்லை. இதை எண்களில் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஃபிலிப் ஷ்மிட், பெர்ண்ட் ஸ்கியேரா, கிறிஸ்டோஃப் வான் டென் புல்டே மூவரும் 2011-இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் வெளியிட்டது. ஜெர்மனியில் ஒரு வங்கியின் சுமார் 10,000 வாடிக்கையாளர்களை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். பரிந்துரையில் வந்தவர்கள் மற்றவர்களை விடச் சராசரியாக 16 சதவீதமாவது அதிக மதிப்புள்ள வாடிக்கையாளர்களாக இருந்தார்கள். தொடக்கத்தில் அவர்களிடம் கிடைத்த கூடுதல் லாபம் நாளடைவில் கரைந்தது. ஆனால் விட்டுப் போகாமல் இருக்கும் தன்மை கரையவில்லை. வங்கியும் அழகு நிலையமும் ஒன்றல்ல, அதனால் அந்த 16-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்குவதில்தான் ஆதாயம் என்ற பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

இவ்வளவு சொன்ன பிறகு பரிந்துரையின் எல்லையையும் சொல்ல வேண்டும். 80 பேரிடம் சொல்லி நான்கைந்து பேர் என்றால், ஏறத்தாழ பதினாறு பேரிடம் சொன்னால் தங்குகிற ஒருவர் கிடைக்கிறார். கடை திறந்து இரண்டு மாதமான ஒருவர், கையில் 15 பேரை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். அவருக்குப் பரிந்துரையில் மூன்று மாதத்தில் ஒருவர் கிடைத்தால் அதிகம். பெருக்குவதற்கு அடியில் ஏதாவது இருக்க வேண்டும். அந்த அடித்தளத்தைச் சேர்க்க ரீலோ வேறு விளம்பரமோ அவருக்குத் தேவை, 160 கொடுத்தாலும் பரவாயில்லை. முப்பது, நாற்பது பேர் இருக்கும் கடைக்கு இரண்டு வழியிலும் கிடைக்கிற ஆட்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது.

இரண்டாவது எல்லை, பரிந்துரை உங்களிடம் இருப்பதையே மறுபடி கொடுக்கும். உங்கள் 80 பேரில் பெரும்பாலோர் புருவம் திருத்த மட்டும் வருகிறவர்கள் என்றால், அவர்கள் அனுப்புகிறவர்களும் அதற்கே வருவார்கள். திறப்பு விழாச் சலுகையில் சேர்ந்தவர்கள் என்றால், சலுகை தேடுகிற தோழிகளையே அனுப்புவார்கள். மணப்பெண் அலங்காரம், ஹேர் கலரிங் என்று புதிதாக ஒரு பக்கம் விரிவடைய நினைத்தால் பழைய வட்டத்துக்குள் அதற்கான ஆள் இல்லாமல் இருக்கலாம். அப்போது வெளியிலிருந்து ஒரு குரல் வேண்டும். மூன்றாவது, அதே 80 பேரிடம் ஆறு மாதம் கழித்து மறுபடி சொன்னால் முதல் தடவை வந்த அளவு வராது. சொல்லக்கூடிய தோழிகளிடம் ஏற்கனவே சொல்லி முடித்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம்தான் சொல்லப்படாத வட்டம் இருக்கிறது, அவர்களைக் கேட்க மறந்துவிடக் கூடாது.

இனி பரிந்துரையை எப்படி அமைப்பது என்பதற்கு வருகிறேன். பல கடைகளில் இது தோற்பது இந்த இடத்தில்தான். சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டுவார்கள், பில்லின் அடியில் ஒரு வரி போடுவார்கள், மூன்று மாதம் கழித்து “எங்க ஊரில் இதெல்லாம் எடுபடாது” என்று முடிவுக்கு வருவார்கள். யாரும் நேரில் கேட்கவே இல்லை என்பதுதான் நடந்திருக்கும்.

கேட்க வேண்டிய நேரம், வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்த்து “நல்லா வந்திருக்கு” என்று தானாகச் சொல்லும் கணம். பணம் கொடுக்கும்போது கேட்டால் அவர் மனம் கணக்கில் இருக்கும். அந்தக் கணத்தில், “உங்க தோழிகள்ல இந்த மாதிரி கூந்தல் வறண்டு போறவங்க யாராவது இருந்தா இதைக் கொடுங்க” என்று ஓர் அட்டையைக் கொடுங்கள். “யாரையாவது அனுப்புங்க” என்று பொதுவாகக் கேட்டால் யார் முகமும் நினைவுக்கு வராது. ஒரு குறிப்பிட்ட பிரச்சினையைச் சொன்னால் ஒரு குறிப்பிட்ட ஆள் நினைவுக்கு வருவார். அட்டையில் கொடுப்பவரின் பெயரை உங்கள் கையால் எழுதுங்கள். யார் வழியாக வந்தார் என்பதும் அதிலேயே பதிவாகிவிடும். அட்டை வேண்டாம் என்பவருக்கு வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பக்கூடிய இரண்டு வரிச் செய்தியைக் கொடுங்கள். நீளமான செய்தியை யாரும் தோழிக்கு அனுப்ப மாட்டார்கள், விளம்பரம் போலத் தெரியும்.

சலுகை யாருக்கு? அனுப்புகிறவருக்கு மட்டும் கொடுத்தால், “என்னை வைத்துக் காசு பார்க்கிறாளா” என்று தோழி நினைப்பாளோ என்ற கூச்சம் வரும். நெருக்கமான உறவில் இந்தக் கூச்சம் அதிகம். ரியூ, ஃபைக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் அதே ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டிப் போகிறது. நெருங்கியவர்களிடையே பரிந்துரை நடக்கும்போது, சலுகையின் ஒரு பகுதியாவது பெறுகிறவருக்குப் போவது நல்ல பலன் தருகிறது. அதிகம் பழக்கமில்லாதவரிடம் சொல்ல வைக்க வேண்டுமானால், சொல்கிறவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். சின்ன ஊரில் உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அக்கா, தங்கை, தோழி என்று நெருங்கியவர்களிடம்தான் சொல்வார்கள். ஆகவே இருவருக்கும் கொடுங்கள், அட்டையில் தோழிக்குக் கிடைப்பதை மேலே எழுதுங்கள். “உனக்கு ஒண்ணு வாங்கி வந்திருக்கேன்” என்று கொடுக்க முடிந்தால் கூச்சம் போய்விடும்.

தள்ளுபடியாகக் கொடுப்பதை விட, ஒரு சின்னச் சேவையைக் கூடுதலாகச் செய்து கொடுப்பது பெரும்பாலும் மேல். கலர் ஊறும் நேரத்தில் ஒரு கை மசாஜ் மாதிரி, எப்படியும் காத்திருக்கும் நேரத்துக்குள் முடிகிற ஒன்று. வாடிக்கையாளர் கண்ணில் அதன் மதிப்பு 25, உங்களுக்கு அடக்கம் 8 அல்லது 10. தவிர, உங்கள் கட்டணம் 100 என்பது அவர் மனத்தில் 100 ஆகவே நிற்கும். காத்திருக்கும் நேரத்துக்கு வெளியே போகிற சேவையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது நாற்காலி நேரத்தைத் தின்றுவிடும், கணக்கில் தெரியாத செலவு அது.

அனுப்பியவருக்கான சலுகையைப் புது ஆள் வந்து பணம் கொடுத்துப் போன அன்றே உறுதி செய்து ஒரு நன்றிச் செய்தி அனுப்புங்கள். இது தாமதமானால் இரண்டாவது ஆளை அவர் அனுப்ப மாட்டார். சில கடைகள் புது ஆள் இரண்டாவது முறை வந்த பிறகுதான் கொடுக்கின்றன. செலவு மிச்சம்தான், ஆனால் எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக யாரும் பேச மாட்டார்கள். இன்னொரு எச்சரிக்கை: பரிந்துரைச் சலுகையைக் கூகுள் விமர்சனத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். விமர்சனம் எழுதச் சொல்லிச் சலுகை கொடுப்பது கூகுளின் விதிகளுக்கு எதிரானது, விமர்சனங்களே நீக்கப்படலாம். மருத்துவம் சார்ந்த சேவை ஏதாவது செய்கிறீர்கள் என்றால், ஆள் அனுப்புவதற்குப் பரிசு கொடுப்பதே பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போது அந்த 12,000 ஃபாலோயர்காரர். இவரை ஒதுக்கிவிட வேண்டாம், ஆனால் பேசுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அவருடைய கணக்கு தொழில்முறைக் கணக்காக இருந்தால் இன்சைட்ஸ் பகுதியில் ஃபாலோயர்கள் அதிகமாக இருக்கும் ஊர்கள் சதவீதத்தோடு தெரியும். அதைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காமல், எதிரில் உட்கார்ந்து அவர் போனில் திறந்து காட்டச் சொல்வது நல்லது. படத்தைத் திருத்துவது இன்று எளிது, நேர்மையானவர் நேரில் காட்டத் தயங்க மாட்டார். உங்கள் ஊரின் பெயர் முதல் இடத்தில் இல்லை என்றால், மேலே நான் வைத்த 35 சதவீதம் உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாவது, கடைசிப் பத்து ரீல்களின் பார்வைகள். சராசரியைப் பார்க்காதீர்கள், ஒரே ஒரு வீடியோ எங்கோ பரவியிருந்தால் சராசரி ஏமாற்றும். பத்தையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பாருங்கள். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை: அவர் இதற்கு முன் ஏதாவது கடையைப் பற்றிப் போட்ட வீடியோவின் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள்? “சூப்பர்”, இதயம், கைதட்டல் மட்டும் இருந்தால், எழுதியவர்கள் பெரும்பாலும் அவரைப் போலவே வீடியோ போடுகிற மற்றவர்கள். “இது எங்க இருக்கு?”, “ஞாயிறு திறந்திருக்குமா?”, “எவ்வளவு ஆகும்?” என்ற கேள்விகள் இருந்தால் வாங்க நினைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2,000 ஃபாலோயர் உள்ள உள்ளூர் ஆசிரியை ஒருவரின் பக்கத்தில் இந்தக் கேள்விகள் இருக்கும், 50,000 ஃபாலோயர் பக்கத்தில் இருக்காது. அப்படிப்பட்டவர் கிடைத்தால் எண்ணிக்கையைப் பார்க்காமல் அவரைப் பிடியுங்கள்.

பேரம் பேசும்போது, ஒரு பதிவுக்கான விலையைப் பேசுவதை விட வீடியோவை நீங்கள் பயன்படுத்தும் உரிமையைப் பேசுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ரீல் பக்கத்தில் இருக்கும், ஆனால் அதைப் பார்க்க வருபவர்கள் சில நாளில் குறைந்துவிடுவார்கள். அந்த வீடியோவை உங்கள் பக்கத்திலும் வைத்துக்கொள்ள, தோழிக்கு அனுப்பும் செய்தியோடு சேர்க்க, தேவைப்பட்டால் பணம் கட்டி விளம்பரமாக ஓட்ட அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். அவரையும் உங்களையும் சேர்த்துக் கொலாப் பதிவாகப் போட்டால் ஒரே ரீல் இரண்டு பக்கத்திலும் நிற்கும். விளம்பரமாக ஓட்டும்போது உங்கள் கடையைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி அமைக்கலாம். 3,000 பேரில் 1,050 பேர்தான் உள்ளூர் என்ற ஓட்டையை அடைக்கும் வழி அதுதான்.

மேலே “வேறு வேலை” என்று சொன்னேனே, அது இதுதான். தோழி சொன்னதைக் கேட்ட ஒருவர் நேராகக் கடைக்கு வருவதில்லை. முதலில் உங்கள் பெயரைப் போனில் தேடுகிறார். அங்கே இரண்டு வருடம் முந்தைய மங்கலான படங்கள் மட்டும் இருந்தால் தோழியின் சொல் பாதியாகிவிடும். நன்றாக எடுத்த ஒரு வீடியோ, உள்ளே எப்படி இருக்கிறது, யார் வேலை செய்கிறார்கள், முன்னும் பின்னும் எப்படி என்று காட்டினால் அந்தத் தயக்கம் தீரும். ரீலால் நேரடியாக வருகிற எட்டுப் பேரை விட, பரிந்துரையில் பாதி வழி வந்து நிற்கிறவர்களை உள்ளே கொண்டுவருவதில் அதன் மதிப்பு அதிகம். வீடியோ எடுப்பவரிடம் இதைச் சொல்லி, வேகமான பாட்டும் வெட்டுக்களும் இல்லாமல் வாசலிலிருந்து நாற்காலி வரை நிதானமாகக் காட்டச் சொல்லுங்கள்.

பணமோ இலவசச் சேவையோ எது கொடுத்தாலும், அது கட்டணப் பதிவு என்று அவர் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். பல நாடுகளில் இது சட்டப்படியே கட்டாயம், இன்ஸ்டாகிராமில் அதற்கென்று தனிக் குறியீடும் இருக்கிறது. குறிப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சின்ன ஊரில் மறைத்தது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், கெடுவது உங்கள் கடையின் பெயரும்தான்.

ரீல் போடும் நாளையும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு நாற்காலிக் கடையில் வெள்ளிக்கிழமை மாலை ரீல் வந்தால் சனி, ஞாயிறுக்கே எல்லோரும் கேட்பார்கள். அந்த இரண்டு நாளும் உங்கள் பழைய வாடிக்கையாளர்களின் நாள். மாதாமாதம் வருகிற ஒருவருக்கு இடமில்லை என்று சொல்லித் தள்ளுபடிக்காரருக்கு இடம் கொடுத்தால், வந்ததை விட இழந்தது பெரிதாகிவிடும். சலுகை செவ்வாய் முதல் வியாழன் வரை மட்டும், மூன்று வாரத்துக்கு என்று ரீலிலேயே சொல்லச் சொல்லுங்கள். வாரநாளில் வர முடியாதவர் முழுக் கட்டணத்தில் வார இறுதியில் வரட்டும். பரிந்துரை சொட்டுச் சொட்டாக வருவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

எது வேலை செய்தது என்று தெரிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் “எங்களைப் பற்றி எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ரீலுக்கென்று தனிச் சலுகைச் சொல் கொடுத்திருந்தாலும் பாதிப் பேர் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், அதை மட்டும் நம்பினால் ரீலுக்கு அநியாயம் செய்வீர்கள். “வீடியோ பார்த்தேன், அப்புறம் அக்காவிடம் கேட்டேன், நல்லா இருக்கும்னு சொன்னாங்க” என்கிறவரை இரண்டு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றில் அடைக்காதீர்கள். பெயருக்கு நேரே மூன்று கட்டம் விட்டு, ஒவ்வொரு வருகைக்கும் தேதி எழுதினால் போதும்.

வரிசையாகச் சொன்னால், முதல் மூன்று மாதம் பரிந்துரை மட்டும். அந்தக் காலத்தில் ரீல்காரரிடம் இன்சைட்ஸைப் பார்த்து வையுங்கள், பேச்சைத் தொடருங்கள், பணம் கொடுக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து முதலில் பரிந்துரையில் வந்தவர்கள் எந்தெந்தச் சேவைக்கு வந்தார்கள் என்று பாருங்கள். வந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரிச் சேவைக்கே வந்திருந்தால், வராத சேவையைக் காட்டி ரீல் எடுக்கச் சொல்லுங்கள். பரவலாக வந்திருந்து நாற்காலிகள் வாரநாளிலும் நிறைந்திருந்தால் ரீலுக்கான பணத்தை அப்படியே வைத்திருங்கள். உங்களுக்கு அப்போது தேவை மூன்றாவது நாற்காலியும் அதில் வேலை செய்ய ஓர் ஆளும். நாற்காலி காலியாகவே இருந்து, சொன்ன 80 பேரில் இரண்டு மூன்று பேர்கூட ஆள் அனுப்பவில்லை என்றால், ரீலுக்கும் போகாதீர்கள். நன்றாகப் பழகிய ஐந்து வாடிக்கையாளரைத் தனியாக உட்கார வைத்து, தோழியிடம் சொல்ல எது தடுக்கிறது என்று கேளுங்கள். காத்திருக்கும் நேரமா, சுத்தமா, கட்டணமா, வேலை செய்யும் ஒருவரின் பேச்சா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அதைச் சரி செய்யாமல் 3,000 பேரை அழைத்தால், அந்தக் குறையை 3,000 பேருக்குக் காட்டவே பணம் கொடுத்தது போலாகும்.